புகைப்படத்தில் இருக்கும் அட்டவணை: சரிவக விதியும் பரவளைய விதியும் ஒரே விடை தருகின்றன, நம்பலாமா?

விடிவெள்ளி

நண்பர் ஒருவர் புத்தகத்தில் ஒரு பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். படம் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது, வலது பக்கம் கையின் நிழல் வேறு விழுந்திருக்கிறது. சார்பு என்னவென்று கொடுக்கவில்லை, x, y அட்டவணை மட்டும்தான். 0 முதல் 2 வரை y-இன் வரையறுத்த தொகையைச் சரிவக விதியாலும் பரவளைய விதியாலும் காண வேண்டும், நான்கு தசம இடம் வரை. படத்தில் எனக்குத் தெரிவது இது:

```
x       y
0.00    1.0000
0.25    1.0308
0.50    1.1180
0.75    1.2500
1.00    1.4142
1.25    1.6608
1.50    1.8028
1.75    2.0156
2.00    2.2361
```

h = 0.25. முனைகள் இரண்டின் கூட்டல் 3.2361, நடுவில் உள்ள ஏழின் கூட்டல் 10.2922. சரிவக விதியில் 0.25 × (1.61805 + 10.2922) = 2.9776 வந்தது. பரவளைய விதிக்கு (0.25/3) × (3.2361 + 4 × 5.9572 + 2 × 4.3350) = 2.9779. புத்தகத்தின் விடைப் பக்கம் என்னிடம் இல்லை. சரியா என்று யாராவது பார்த்துச் சொல்லுங்களேன்.

கணக்குப்பிரியன்

கூட்டல் பெருக்கல் எல்லாம் போட்டுப் பார்த்தேன், சரியாகத்தான் இருக்கிறது. இரண்டு வெவ்வேறு விதி, இரண்டும் 2.977 என்று மூன்று தசமம் வரை ஒன்றாக வருகிறது. இதைவிட வேறென்ன சான்று வேண்டும்? பொதுவாகப் பரவளைய விதிதான் அதிகத் துல்லியம், அதனால் 2.9779 என்று எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போங்கள்.

சாய்கோடு

விடிவெள்ளி, கொஞ்சம் பொறுங்கள். இவ்வளவு நெருக்கமாக வந்ததுதான் எனக்கு உறுத்துகிறது.

y மதிப்புகளை மேலிருந்து கீழாகப் பாருங்கள். ஆரம்பத்தில் மெதுவாக ஏறுகிறது, போகப்போக ஏற்றம் கூடுகிறது. அதாவது வளைவரை மேல்நோக்கி வளைந்திருக்கிறது. அப்படிப்பட்ட வளைவரையில் இரண்டு புள்ளிகளை நேர்கோட்டால் இணைத்தால் கோடு வளைவரைக்கு மேலேதான் போகும், ஆக சரிவக விதி உண்மை மதிப்பைவிடக் கூடுதலாகத்தான் சொல்லும். பரவளையம் வளைவரையோடு ஒட்டிப்போவதால் அதன் விடை சரிவக விடைக்குக் கீழே வர வேண்டும். உங்களுக்கு மேலே வந்திருக்கிறது. வித்தியாசம் 0.0003 தானே என்று விட்டுவிடக் கூடாது, அது எந்தப் பக்கம் இருக்கிறது என்பதுதான் கேள்வி.

ஒரு வேலை செய்யுங்கள். அதே அட்டவணையில் ஒன்று விட்டு ஒன்று எடுத்து h = 0.5 வைத்துச் சரிவக விதி போடுங்கள். பிறகு x = 0, 1, 2 மட்டும் வைத்து h = 1 போடுங்கள். மூன்று எண்ணையும் இங்கே எழுதுங்கள். புதிதாக எதையும் படிக்க வேண்டாம், இருக்கிற எண்களே போதும்.

மஞ்சள்குருவி

படத்திலிருந்து எண்களை எடுப்பதுதான் பிரச்சினை என்றால் கையால் தட்டச்சு செய்யவே வேண்டாம். முதலில் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்குங்கள், சாய்வை நேராக்குங்கள், அப்புறம் எழுத்தாக மாற்றும் செயலி எதிலாவது போட்டால் அட்டவணை அப்படியே வந்துவிடும். நான் ரசீதுகளை எல்லாம் இப்படித்தான் ஏற்றுகிறேன்.

சாய்கோடு

மஞ்சள்குருவி, கேள்வி அதைப் பற்றி இல்லை, ஆனாலும் நீங்கள் சொன்னதில் ஒரு விஷயம் இருக்கிறது. நிழலில் 0-வின் மேல் ஓரம் மங்கினால் மனிதக் கண்ணுக்கும் 6 மாதிரி தெரியும், செயலிக்கும் 6 மாதிரிதான் தெரியும். ரசீது என்றால் மொத்தத் தொகை கீழே அச்சாகியிருக்கும், ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம். இந்த அட்டவணையில் அப்படி எதுவும் கிடையாது, ஒப்பிடுவதற்கான எண்ணை நாமே கணக்குப் போட்டுத்தான் எடுக்க வேண்டும்.

விடிவெள்ளி

போட்டுப் பார்த்தேன்.

```
h = 1      3.0323
h = 0.5    2.9765
h = 0.25   2.9776
```

முதலில் இறங்கிவிட்டு அப்புறம் ஏறுகிறது. நெருக்கமாகப் பிரிக்கப் பிரிக்க இறங்கிக்கொண்டே அல்லவா போக வேண்டும்?

சாய்கோடு

அதேதான். இறங்குவது மட்டும் இல்லை, எவ்வளவு இறங்க வேண்டும் என்றுகூட முன்கூட்டியே சொல்லலாம். சீரான வளைவரையில் h-ஐப் பாதியாக்கினால் சரிவக விதியின் பிழை ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காகும். 3.0323-இலிருந்து 2.9765-க்கு வந்தபோது 0.0557 இறங்கியது (கடைசி இலக்கம் ஒன்று இடிக்கிறதே என்று பார்க்காதீர்கள், திருத்தாத மதிப்பு 3.03225). அடுத்த இறக்கம் 0.014 பக்கம் இருக்க வேண்டும், அதாவது h = 0.25-க்கு 2.9626 மாதிரி ஏதோ வர வேண்டும். உங்களுடையது 2.9776, கிட்டத்தட்ட 0.015 அதிகம்.

இப்போது இந்த 0.015 எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். h = 0.25 கணக்கில் புதிதாக உள்ளே வந்தவை x = 0.25, 0.75, 1.25, 1.75 ஆகிய நான்கு வரிசைகள்தான். சரிவக விதியில் நடு வரிசை ஒவ்வொன்றும் 0.25-ஆல் பெருக்கப்படுகிறது. 0.015-ஐ 0.25-ஆல் வகுத்தால் 0.06. இந்த நான்கில் ஏதோ ஒரு எண் 0.06 அதிகமாகப் படிக்கப்பட்டிருக்கிறது. இரண்டாவது தசம இடத்தில் 0-க்குப் பதில் 6 என்று படித்தால் சரியாக இவ்வளவுதான் கூடும்.

பரவளைய விதியும் ஏன் அதே இடத்துக்கு வந்தது என்பதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது. அந்த விதியை இப்படியும் எழுதலாம்:

```
S = T(h) + (T(h) - T(2h)) / 3
```

T(0.25)-உம் T(0.5)-உம் தற்செயலாக அருகருகே வந்துவிட்டதால் S-உம் அங்கேயே நின்றுவிட்டது. S என்பது தனியாக வந்து சொல்லும் சாட்சி இல்லை, அதே T-களைக் கலந்து செய்த எண்தான். அதனால்தான் இரண்டும் ஒத்துப்போவதைச் சான்றாக எடுக்கக் கூடாது என்கிறேன். அதோடு, தவறான எண் 4-ஆல் பெருக்கப்படும் இடத்தில் உட்கார்ந்தால் பரவளைய விதிதான் அதிகம் அடி வாங்கும். இங்கே சரிவக விடை 0.015 கெட்டது, பரவளைய விடை 0.02 கெட்டது.

கணக்குப்பிரியன்

சரி, நான்கில் ஒன்று என்கிறீர்கள். எது என்று எப்படிச் சொல்வது? 1.25-இல் இருக்கும் 1.6608-ஐப் பார்த்தாலே தெரிகிறது, இரண்டாவது தசமம் 6 அங்கே மட்டும்தான் இருக்கிறது என்று சொல்லிவிடலாம்தான். ஆனால் அது கணக்கு இல்லையே, ஊகம்.

சாய்கோடு

நியாயமான கேள்வி. வேறுபாட்டு அட்டவணை போட்டால் எந்த வரிசை என்பது தானாக வெளியே வந்துவிடும். அடுத்தடுத்த y-களைக் கழித்து ஒரு நிரை, அதைக் கழித்து இன்னொன்று, இப்படி நான்கு முறை. எல்லாவற்றையும் இங்கே எழுதவில்லை, நான்காவது வேறுபாடுகள் மட்டும்:

```
-0.0010
 0.0628
-0.2372
 0.3624
-0.2385
```

நல்ல அட்டவணையில் இந்த எண்கள் எல்லாம் பூச்சியத்தை ஒட்டி, சத்தமில்லாமல் இருக்கும். இங்கே குறி மாறி மாறித் துள்ளுகிறது. ஒரே ஒரு y-இல் e அளவு பிழை இருந்தால் அது நான்காவது வேறுபாட்டில் e, −4e, 6e, −4e, e என்று பரவும். மேலே இருப்பதை அதோடு வைத்துப் பாருங்கள்: 0.0628, −0.2372, 0.3624, −0.2385, அடுத்ததற்குள் அட்டவணை முடிந்துவிட்டது. பெரிய எண் 0.3624. அது x = 0.75 முதல் 1.75 வரை உள்ள ஐந்து மதிப்புகளிலிருந்து வந்தது, நடுவில் இருப்பது 1.25. 0.3624-ஐ 6-ஆல் வகுத்தால் 0.0604. ஆக 1.25-இல் இருக்கும் மதிப்பு 1.6608-இலிருந்து 0.0604 கழித்து 1.6004 பக்கம் இருக்க வேண்டும். படத்தில் ஒரே ஓர் இலக்கத்தை மாற்றி அங்கே போக ஒரு வழிதான் உண்டு: 1.6008.

அதைப் போட்டு மறுபடியும் கழித்தால் நான்காவது வேறுபாடுகள் −0.0010, 0.0028, 0.0028, 0.0024, 0.0015 என்று அடங்கிவிடுகின்றன. சரிவக விதி 2.9626, பரவளைய விதி 2.9579. சரிவக விடைகளின் இறக்கம் 0.0557, பிறகு 0.0140, கிட்டத்தட்ட நாலுக்கு ஒன்று.

விடிவெள்ளி

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அந்த வரிசையில்தான் நிழலின் ஓரம் போகிறது, இலக்கத்தின் இடது பக்கம் தடித்தும் வலது மேல்பக்கம் வெளுத்தும் இருக்கிறது. 6 என்றும் சொல்லலாம், 0 என்றும் சொல்லலாம். நண்பரிடம் மறுபடி படம் கேட்டிருக்கிறேன், புத்தகத்தை நூலகத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டாராம்.

நெடுஞ்சாலை

நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். வளைவரை சீராக இருக்கிறது என்று யார் சொன்னது? சார்பைக் கொடுக்கவே இல்லையே. அது சோதனையில் அளந்த அட்டவணையாக இருந்து, 1.25-இல் உண்மையாகவே ஒரு மேடு இருந்தால்? அதை நீங்கள் வழித்துத் துடைத்துவிட்டு "சரிசெய்தேன்" என்கிறீர்கள். தரவை நமக்குப் பிடித்த மாதிரி மாற்றுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

சாய்கோடு

அளந்த தரவு என்றால் உங்கள் கட்சிதான் நானும். வேறுபாட்டு அட்டவணை "இங்கே பார்" என்று விரல் நீட்டும், "மாற்று" என்று சொல்லாது. கருவியில் எடுத்த அளவீடு என்றால் அந்த வரிசையை மறுபடி அளக்க வேண்டும், முடியாவிட்டால் இருந்தபடியே விட்டுக் குறிப்பு எழுத வேண்டும். இங்கே நிலைமை வேறு. நான்கு தசமம் வரை மற்ற எட்டு மதிப்புகளும் இவ்வளவு அழகாக ஒரே போக்கில் போகின்றன, அளவீட்டில் அப்படி வராது, கடைசி இலக்கமாவது ஆடும். இது ஒரு சூத்திரத்திலிருந்து வந்த அட்டவணை. அதோடு அந்த இலக்கம் படத்திலேயே தெளிவாக இல்லை. இரண்டு காரணமும் சேர்ந்ததால்தான் 1.6008 என்கிறேன்.

இந்த முறைக்கும் எல்லை உண்டு. கடைசி இலக்கத்தில் ஒன்று கூடிக் குறைந்திருந்தால் கண்டுபிடிக்க முடியாது. நான்கு தசமத்துக்குத் திருத்திய எண்களாலேயே நான்காவது வேறுபாட்டில் 0.0008 வரை ஆட்டம் வரலாம், 0.0001 பிழை அதற்குள் மறைந்துவிடும். ஆனால் அதனால் தொகை 0.00003 அளவுக்குத்தான் மாறும், போகட்டும். இன்னொன்று, முதல் வரிசையிலோ கடைசி வரிசையிலோ தப்பு இருந்தால் அந்த 1, −4, 6 வடிவத்தின் வால் மட்டும்தான் தெரியும். அங்கே நான் இவ்வளவு தைரியமாகப் பேச மாட்டேன்.

தாமரையிலை

எனக்கு இவ்வளவு ஆராய்ச்சி தேவையா என்று தோன்றுகிறது. சந்தேகம் 1.25-இல் என்றால் அந்த வரிசையைத் தொடாமலே h = 0.5 வைத்துப் பரவளைய விதி போடலாமே: (0.5/3) × (3.2361 + 4 × 2.9208 + 2 × 1.4142) = 2.9580. திருத்திய அட்டவணை தரும் 2.9579-க்கும் இதற்கும் 0.0001 கூட இல்லை.

சாய்கோடு

இதை முதலிலேயே நான் சொல்லியிருந்தால் இழை சுருங்கியிருக்கும் :) நல்ல வழி. 1.6608 கலக்காத 2.9580-ஐயும் கலந்த 2.9779-ஐயும் பக்கத்தில் வைத்தாலே கதை தெரிந்துவிடும். ஆனால் இது 1.25 ஒற்றைப்படை இடத்தில் இருப்பதால் வந்த அதிர்ஷ்டம். மங்கிய வரிசை x = 1.00 ஆக இருந்திருந்தால் h = 1, 0.5, 0.25 மூன்றிலும் அது கலந்திருக்கும், எந்த வரிசையையும் விட்டுத் தப்பித்திருக்க முடியாது.

வாய்க்கால்

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும், எனக்கும் இதே மாதிரி புகைப்படம்தான், ஆனால் கடைசி வரிசை படத்தில் வெட்டுப்பட்டு எட்டு வரிசை மட்டும் இருக்கிறது. ஏழு பட்டை. 1, 4, 2, 4, 2, 4, 2, 1 என்று போட்டுப் பரவளைய விதி செய்தேன், விடை சரிவக விதியைவிட ரொம்பக் குறைவாக வருகிறது. எங்கே தப்பு?

சாய்கோடு

பரவளையம் இரண்டிரண்டு பட்டையாகத்தான் போகும், ஏழு பட்டையை அப்படிப் பிரிக்க முடியாது. இதைக் கண்டுபிடிக்க எளிய வழி: எல்லா y-க்கும் 1 என்று போட்டுப் பாருங்கள். விடை இடைவெளியின் நீளமாக வர வேண்டும், அதாவது 7h. உங்கள் பெருக்கெண்களின் கூட்டல் 20, அதை 3-ஆல் வகுத்தால் 6.67h தான் வருகிறது. ஒரு பட்டையில் மூன்றில் ஒரு பங்கு எங்கோ காணாமல் போய்விட்டது.

முதல் நான்கு பட்டைக்குச் சாதாரணப் பரவளைய விதி, மீதி மூன்றுக்கு மூன்றெட்டு விதி, அதாவது (3h/8) × (y₄ + 3y₅ + 3y₆ + y₇). விடிவெள்ளியின் அட்டவணையில் 1.6008 என்று திருத்தி, கடைசி வரிசையை மறைத்துவிட்டு 0 முதல் 1.75 வரை போட்டால் 1.1478 + 1.2788 = 2.4266.

கணக்குப்பிரியன்

அவ்வளவு சிரமம் எதற்கு, ஆறு பட்டைக்குப் பரவளையம், கடைசி ஒன்றுக்குச் சரிவகம். முடிந்தது வேலை.

தாமரையிலை

போட்டுப் பார்த்தேன், 2.4268 வருகிறது. கடைசிப் பட்டையில் வளைவரை ஏறக்குறைய நேராக இருப்பதால் 0.0002 தான் பிசகுகிறது. நன்றாக வளைந்த இடத்தில் அந்த ஒற்றைப் பட்டை விழுந்தால் மற்ற ஆறில் சம்பாதித்த துல்லியம் அங்கே போய்விடும்.

வாய்க்கால்

மூன்றெட்டு விதியை முதல் மூன்று பட்டைக்குப் போட்டால் வேறு விடை வருமா? எது சரி?

தாமரையிலை

0.8153 + 1.6113, அதுவும் 2.4266 தான். ஐந்தாவது தசமத்தில் மாறுகிறது, உங்கள் அட்டவணைக்கு அந்த இடமே கிடையாது. இரண்டு வழியாகவும் போட்டு நான்காவது தசமத்திலேயே பெரிதாக வித்தியாசம் வந்தால் அப்போது மறுபடி படத்தைப் பாருங்கள்.

நெடுஞ்சாலை

எல்லோரும் 2.9579 என்று முடிவு செய்துவிட்டீர்கள். தேர்வில் 1.6608 என்றே அச்சாகியிருந்தால்? விடைத்தாள் திருத்துபவர் அட்டவணையில் உள்ள எண்ணை வைத்துத்தான் மதிப்பெண் போடுவார். நீங்கள் வேறு எண்ணை எடுத்தால் முறை சரி, விடை தப்பு என்று கழித்துவிடுவார்.

விடிவெள்ளி

இது தேர்வு இல்லை, பயிற்சிக் கணக்கு. ஒன்று கவனித்தேன், 1.4142 என்பது √2, 2.2361 என்பது √5. அவை x = 1, x = 2 இல் இருக்கின்றன. y = √(1 + x²) ஆக இருக்குமோ? 0.75-இல் √1.5625 = 1.25, சரியாக வருகிறது. 1.25-இல் √2.5625 = 1.6008.

சாய்கோடு

அருமை. அந்தச் சார்புக்கு நேரடியாகத் தொகை கண்டால் √5 + ½ ln(2 + √5) = 2.95789. பரவளைய விதியின் 2.9579 அதோடு ஒட்டி நிற்கிறது, சரிவக விதி 0.0047 கூடுதல்.

தேர்வு பற்றி நெடுஞ்சாலை சொன்னதற்கு என்னிடம் ஒரே பதில் இல்லை. நான் எழுதினால் அட்டவணையில் உள்ளபடி ஒரு முறை செய்து, "1.25-இல் உள்ள மதிப்பு மற்றவற்றோடு ஒத்துப்போகவில்லை, 1.6008 என்றால் 2.9579" என்று கீழே இரண்டு வரி சேர்ப்பேன்.

நெடுஞ்சாலை

இரண்டு விடை எழுதினால் இரண்டாவதைத் திருத்தவே மாட்டார்கள். அச்சில் 6 தெளிவாக இருந்தால் 6 தான், நான் அதை வைத்தே 2.9779 என்று எழுதுவேன்.